செய்முறை வினாவும் குளத்து நீரும்

தாம் ஒருபோதும் செய்திராத ஒரு பரிசோதனைக்கு முழுப் புள்ளியும் பெற்றவர் அந்த ஆசிரியை. 1996ஆம் ஆண்டிலே கிளிநொச்சி நகரம் போரினால் வெறிச்சோடியபோது, இடம்பெயர்ந்த குடும்பங்களோடு ஒரு குடும்பமாக மல்லாவிப் பக்கம் சென்றவர்களுள் அவரும் ஒருவர். உயர்தர வகுப்பைக் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றிலேயே படித்தார். இரசாயனவியல் கற்பித்தவர் கரும்பலகையில் அளவியை வரைந்தார், குழாயியை வரைந்தார், நிறம் மாறும் இடத்திற்கு வந்ததும் வெண்கட்டியால் கோடிட்டு, அதன் அருகில் ‘கபிலம்’ என்று எழுதினார். அவரிடம் இருந்தது வெள்ளை வெண்கட்டி மாத்திரமே. மாணவி அதனைக் கொப்பியில் எழுதினாள், மனனஞ் செய்தாள், பரீட்சையிலும் அவ்வாறே எழுதினாள். வினாவை ஆக்கியவர் கேட்டதும் அவ்வளவே. கபில நிற வீழ்படிவொன்று போத்தலினுள்ளே முகில்போலத் தோன்றி மெல்லக் கீழிறங்குவதை அவர் முதன்முதல் கண்டது, பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பின்னரேயாகும்.

இன்று அவர் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் அதே பாடத்தைக் கற்பிக்கின்றார். ஆய்வுகூடம் உண்டு, மேசைகள் உண்டு, மாணவர் இருவருக்கு ஓர் அளவி என்ற கணக்கில் உபகரணங்களும் உண்டு. உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலுக்கெனத் தனியான செய்முறைப் பரீட்சை இல்லையாயினும், செய்முறையறிவை அமைப்புக் கட்டுரை வினாக்கள் சோதிக்கின்றன. ஆதலால் தவணை முடிவிலே தம் வகுப்புக்குத் தாமே ஒரு செய்முறைப் பரீட்சை நடத்துவது அவரது வழக்கம். அதற்கு வேண்டிய வினாக்களைச் செய்முறைக் கைந்நூலிலிருந்து ஆக்கவேண்டும். இவ்வேலை எளிதானதென்றே அவரும் ஒரு காலம் எண்ணியிருந்தார்.

நீரில் கரைந்துள்ள ஒட்சிசனின் அளவைத் துணியும் வின்க்ளர் முறையே அவ்வாண்டு அவர் தெரிந்தெடுத்த பரிசோதனை. ஹங்கேரி நாட்டு இரசாயன அறிஞர் லஜோஸ் வின்க்ளர் 1888ஆம் ஆண்டிலே வெளியிட்ட முறை இது. இதன் உபாயம் அழகானது. ஒட்சிசன் கண்ணுக்குத் தெரியாதது. நேரே அளக்கவும் கடினமானது. ஆகவே அதனை ஒரு திண்மத்தினுட் சிறைப்படுத்தி, பின்னர் அதற்குச் சமமான அயடீனாக மாற்றி, அந்த அயடீனை அளக்கின்றனர்.

செய்முறை வருமாறு: 250 மில்லிலீற்றர் கொள்ளும் போத்தலைக் காற்றுக்குமிழி சேராதபடி நீரால் நிரப்புதல் வேண்டும். மங்கனீசு சல்பேற்றுக் கரைசலில் 1 மில்லிலீற்றரையும், காரங் கலந்த பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலில் 1 மில்லிலீற்றரையும் குழாயியின் நுனி நீருக்குள் அமிழ்ந்திருக்கச் சேர்த்து, அடைப்பானால் மூடித் தலைகீழாகப் பலமுறை புரட்டுதல் வேண்டும். முதலில் உண்டாகும் மங்கனீசு ஐதரொட்சைட்டு வெண்ணிறமானது. நீரிலே ஒட்சிசன் இருந்தால் அது அவ்வெண்ணிறத்தைக் கபிலமாக்கும். வீழ்படிவு அடங்கியபின் 2 மில்லிலீற்றர் செறிந்த சல்பூரிக்கமிலம் சேர்த்தால் திண்மம் கரைந்து, அயடீன் விடுபட்டு, கரைசல் மஞ்சட்கபிலமாகும். அதில் 100 மில்லிலீற்றரை அளந்தெடுத்துச் சோடியம் தயோசல்பேற்றினால் நியமிப்புச் செய்து, நிறம் வைக்கோல் நிறமாக வெளிறியபின் மாப்பொருட் கரைசலைச் சேர்த்து, நீலம் அற்றுப்போகும் இடத்தை முடிவுப்புள்ளியாகக் கொள்வர். 1 மூல் ஒட்சிசனுக்கு 4 மூல் தயோசல்பேற்றுச் செலவாகும்.

ஆசிரியை முதலில் ஆக்கிய வினாத்தாள் ஒரு பக்கத்தில் அடங்கியது. பயன்படும் கரைசல்களின் பெயர்களைத் தருக. தோன்றும் வீழ்படிவின் நிறத்தைக் குறிப்பிடுக. முடிவுப்புள்ளியில் ஏற்படும் நிறமாற்றம் யாது. தரப்பட்ட வாசிப்பிலிருந்து ஒட்சிசனின் அளவைக் கணிக்க. வினா உள்ளூருக்கு உரியதாகத் தோன்றவேண்டுமென்று, “ஆகஸ்ட் மாதத்து அதிகாலையில் வன்னியிலுள்ள குளம் ஒன்றின் கரையோரத்தில் எடுக்கப்பட்ட நீர்” என்ற தொடரையும் சேர்த்தார். வாசிப்பை மட்டும் வேறு நாட்டுப் பழைய கைந்நூல் ஒன்றிலிருந்து எடுத்தார்: 0.010 மூலர் தயோசல்பேற்று, 13.50 மில்லிலீற்றர்.

பரீட்சைக்கு முன் அவ்வினாவைப் பயிற்சியாக வகுப்பிற் கொடுத்தார். மாணவர் யாவரும் விரைவாகக் கணித்தனர். 13.50 மில்லிலீற்றரில் 0.135 மில்லிமூல் தயோசல்பேற்று. அதன் காற்பங்கு 0.03375 மில்லிமூல் ஒட்சிசன். 32ஆற் பெருக்க 1.08 மில்லிகிராம், 100 மில்லிலீற்றரில் இவ்வளவாயின் லீற்றருக்கு 10.8 மில்லிகிராம். கணிப்பில் பிழையில்லை. பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் மாத்திரம் எழுந்து நின்றான். அவனுடைய தந்தையார் குளத்திலே வலை வீசிப் பிழைப்பவர்.

“ரீச்சர், ஆவணி மாசத்தில விடியப்புறம் கரையில மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணிக்க காத்து இல்லையெண்டு அப்பா சொல்லுறவர். அந்த நேரத்தில எடுத்த தண்ணியில இவ்வளவு ஒட்சிசன் எப்பிடி வந்தது?”

ஆசிரியை உடனே விடை கூறவில்லை. அட்டவணையைப் புரட்டிப் பார்த்தார். வளியோடு சமநிலையிலுள்ள நன்னீர் 30 பாகை வெப்பநிலையில் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனையே கரைத்து வைத்திருக்கவல்லது. 10.8 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ 12 பாகையிலுள்ள நீருக்குரிய அளவு. நண்பகல் வெயிலில், பாசி மண்டிய நீரிலே ஒளித்தொகுப்பினால் ஒட்சிசன் நிரம்பல் அளவைத் தாண்டுவதுண்டு. அதிகாலையிலோ நிலைமை மறுதலையானது. இரவு முழுவதும் பாசியும் மீனும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும் ஒட்சிசனை எடுத்துக்கொண்டேயிருக்க, ஈடுசெய்ய ஒளியில்லை. நாளின் மிகக் குறைந்த அளவு அப்போதுதான் காணப்படும். குளிர்நாட்டு ஆற்றின் எண்ணுக்கு வன்னிக் குளத்தின் பெயரைச் சூட்டியிருந்தது அவ்வினா. விடைகள் எல்லாம் சரியாக இருந்தும் வினா பொய்யாக இருந்தது. அப்பொய்யைக் கண்டவன், பரீட்சையில் அதற்காக ஒரு புள்ளியேனும் பெற்றிருக்க மாட்டான் என்பதே ஆசிரியையை அதிகம் வருத்தியது.

அந்த வார இறுதியில் விடிவதற்கு முன், ஆசிரியையும் அம்மாணவனும் அவனுடைய தந்தையாரும் குளக்கட்டில் நின்றனர். வரட்சியினால் நீர் கட்டிலிருந்து வெகுதூரம் விலகிப் போயிருந்தது. நான்கு போத்தல்களும் இரண்டு கரைசல்களும் குழாயிகளும் ஒரு பெட்டியில் இருந்தன. போத்தலை நீருக்குள் சாய்த்து அமிழ்த்தி, மெல்ல நிமிர்த்தி, நீருக்குள்ளேயே மூடினர். கரையிற் சேர்ந்தவுடனே இரு கரைசல்களையும் சேர்த்தனர். வீழ்படிவு தோன்றியது, அதன் கபிலம் மங்கலாகவே இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அதே இடத்தில் மீண்டும் எடுத்த நீரில் கபிலம் கடும் நிறமாக இருந்தது. அமிலஞ் சேர்த்தலும் நியமிப்பும் ஆய்வுகூடத்தில் நடைபெற்றன. அதிகாலை நீருக்கு 4.00 மில்லிலீற்றர், பிற்பகல் நீருக்கு 9.50 மில்லிலீற்றர். அதாவது லீற்றருக்கு 3.2 மில்லிகிராமும் 7.6 மில்லிகிராமும்.

வேறொரு போத்தலும் இருந்தது. அதிகாலையில் மூடியில்லாத வாளியொன்றில் நீர் அள்ளி, மாணவனின் சைக்கிளிலே தொங்கவிட்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே போத்தலில் நிரப்பிக் கரைசல்களைச் சேர்த்தது அது. அதன் வாசிப்பு 7.00 மில்லிலீற்றர். வழியெல்லாம் தளம்பிய நீர் வளியிலிருந்து ஒட்சிசனைக் கரைத்துக்கொண்டு 5.6 மில்லிகிராமாக உயர்ந்திருந்தது. ‘மாதிரி எடுத்த இடத்திலேயே நிலைப்படுத்துக’ என்று கைந்நூல் ஒரே வரியிற் சொல்லிச் செல்வதன் பொருள், இந்த 3.2க்கும் 5.6க்கும் இடையிலுள்ள தூரமாகும்.

இதன் பின்னர் வினாத்தாள் புதிதாக எழுதப்பட்டது. கைந்நூலைக் கைவிடுவது ஆசிரியையின் நோக்கமன்று. அந்நூலின் ஒவ்வொரு படியையும் எடுத்து, ‘இதனைச் செய்யத் தவறினால் என்ன நிகழும், அது எவ்வளவு பெரிய தவறு, தவறு நேர்ந்ததென்பதை எதைக் கொண்டு அறியலாம்’ என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். படியை மனனஞ் செய்தவன் இவற்றுக்கு விடை கூற இயலாது. செய்து பார்த்தவனோ சிறிது சிந்தித்துக் கூறிவிடுவான்.

முதலாவது வினா வாளியைப் பற்றியது. மூன்று வாசிப்புகளையும் தந்து, ஒரே காலையில் ஒரே இடத்தில் எடுத்த நீர் இரு வேறு விடைகளைத் தந்தது ஏன் என்றும், எது குளத்தின் உண்மையான நிலையைக் காட்டுகின்றது என்றும் கேட்டது.

இரண்டாவது வினா குமிழியைப் பற்றியது. அடைப்பானை இடும்போது 1 மில்லிலீற்றர் வளி போத்தலினுள் அகப்பட்டுக்கொண்டதாக வைத்துக்கொண்டால், விடையில் ஏற்படக்கூடிய மிகக்கூடிய வழு யாது? வளியின் 21 நூற்றுவீதம் ஒட்சிசன். 30 பாகையில் 1 மூல் வாயுவின் கனவளவு 24.9 லீற்றர் என்பன தரப்பட்டன. 0.21 மில்லிலீற்றர் ஒட்சிசன் 0.0084 மில்லிமூல் ஆகும், அது 0.27 மில்லிகிராம், 250 மில்லிலீற்றர் நீருக்கு அது சேர்வதால் லீற்றருக்கு ஏறத்தாழ 1.1 மில்லிகிராம். அதிகாலைக் குளத்தின் 3.2 மில்லிகிராமோடு ஒப்பிட, இது மூன்றிலொரு பங்கு! ஒரு கடலைப் பருப்பளவான குமிழி மீன் மூச்சுத் திணறும் நீரை நல்ல நீராகக் காட்டிவிடும்.

மூன்றாவது வினாவே அவர் அதிகம் சிந்தித்து எழுதியது. நிரம்பிய போத்தலில் முதலிரு கரைசல்களையும் சேர்க்கும்போது 2 மில்லிலீற்றர் திரவம் வழிந்து போகின்றது. அமிலத்தைச் சேர்க்கும்போதும் 2 மில்லிலீற்றர் வழிகின்றது. இவ்விரு இழப்புகளும் ஒரே தன்மையனவா? முதலில் வழிவது ஒட்சிசன் கரைந்த நீர். 250இல் 2, அதாவது 0.8 நூற்றுவீதம் இழக்கப்படுகின்றது. பின்னர் வழிவதோ வீழ்படிவுக்கு மேலுள்ள தெளிந்த நீர். ஒட்சிசன் யாவும் அடியிலுள்ள திண்மத்திற் சிறைப்பட்டிருப்பதால் எவ்வித இழப்பும் இல்லை. ஆயின் வீழ்படிவு அடங்குமுன் அவசரப்பட்டு அமிலம் சேர்த்தால் திண்மமே வழிந்தோடும், விடை குறையும். ‘வீழ்படிவு அடங்கும்வரை பொறுத்திருக்க’ என்ற வரிக்குக் காரணம் இது. குமிழியின் வழுவையும் இந்த 0.8 நூற்றுவீதத்தையும் அருகருகே வைத்து, எதனைத் தவிர்க்க அதிகம் பாடுபடவேண்டும் என்று கேட்பதோடு அவ்வினா முடிந்தது.

நான்காவது வினா முடிவுப்புள்ளிக்குப் பிந்தியது. நீலம் அற்று, வாசிப்பும் எடுத்தாயிற்று. சில நிமிடங்களின் பின் குடுவையில் மீண்டும் நீலம் தோன்றுகின்றது. மாணவன் அளவியை மறுபடியும் திறக்கவேண்டுமா? வேண்டியதில்லை. அமில ஊடகத்தில் எஞ்சியுள்ள அயடைட்டை வெளிவளி மெல்ல ஒட்சியேற்றுவதே அந்நீலத்துக்குக் காரணம். குளத்து நீரின் ஒட்சிசனோடு அதற்குத் தொடர்பில்லை. முதல் வாசிப்பே உரியது.

வினாக்களை எழுதியபின் ஆசிரியை அவற்றைத் தாமே ஆய்வுகூடத்தில் செய்து பார்த்தார். அப்போதுதான் மாப்பொருட் கரைசல் பழுதாகியிருந்தமை தெரிந்தது. வன்னியின் வெப்பத்தில் சில நாள் வைத்திருந்த அக்கரைசல் நீலத்துக்குப் பதிலாகச் செவ்வூதா நிறத்தையே தந்தது. அதனைக் கொண்டு பரீட்சை நடத்தியிருந்தால், கண்டதை எழுதியவன் தோற்றிருப்பான்; கைந்நூலை எழுதியவன் வென்றிருப்பான். புதிய கரைசல் பரீட்சை நாட் காலையிலே தயாரிக்கப்பட்டது.

எழுத்து வினாவினால் அளக்க முடியாதவையும் சில உண்டு. குமிழியின் கேட்டைக் கணித்துக் காட்டும் கை, குமிழியில்லாமல் போத்தலை மூடவும் வல்லதா என்பதைத் தாள் சொல்லாது. அதற்காக நான்கு செயல்களை மட்டும் ஒரு தாளிற் குறித்துக்கொண்டு, மேசைக்கு மேசை சென்று பார்ப்பதென அவர் தீர்மானித்தார்: குழாயியின் நுனி நீருக்குள் இருந்ததா, மூடிய போத்தலைப் புரட்டியபோது குமிழி தென்பட்டதா, வீழ்படிவு அடங்கும்வரை பொறுத்தானா, மாப்பொருளை வைக்கோல் நிறத்துக்குப் பின்னரே சேர்த்தானா. செறிந்த அமிலத்தை மாத்திரம் மாணவரிடம் கொடாது தாமே சேர்ப்பதென வைத்துக்கொண்டார். புள்ளியிடும் திட்டத்திலும் ஒரு விதி சேர்ந்தது. வாசிப்பில் தவறியவன் அந்த வாசிப்பைக் கொண்டு சரியாகக் கணித்திருந்தால், கணிப்புக்குரிய புள்ளிகளை இழக்கலாகாது. ஒரு குற்றத்துக்கு ஒரு தண்டனையே போதும்.

பரீட்சையன்று அவர் மேலும் ஒன்று செய்தார். பத்து நிமிடம் கொதிக்கவைத்து, போத்தல் நிரம்ப ஊற்றி மூடி ஆறவிட்ட நீர் சில மாணவருக்கு வழங்கப்பட்டது. ஏனையோருக்குக் குழாய்நீர். யாருக்கு எது என்பது சொல்லப்படவில்லை. கொதித்த நீரில் ஒட்சிசன் பெரும்பாலும் நீங்கிவிடுவதால், அப்போத்தல்களில் வீழ்படிவு ஏறத்தாழ வெண்ணிறமாகவே நின்றது.

மாலையில் விடைத்தாள்களைத் திருத்தியபோது வாளி வினாவுக்குப் பெரும்பாலோர் நன்றாகவே விடை எழுதியிருந்தனர். வலைஞர் மகன் அதற்கு முழுப் புள்ளியும் பெற்றான். மூன்றாவது வினாவில் இழந்தான். எவரும் எதிர்பாராத இடம் வேறொன்று. வெண்ணிற வீழ்படிவைக் கண்முன்னே வைத்துக்கொண்டு, சில மாணவர் ‘கபிலம்’ என்று எழுதியிருந்தனர். அவர்களுள் கெட்டிக்காரர் என்று பெயர் பெற்றவர்களும் இருந்தனர். ஒரு மாணவி மாத்திரம் முதலில் எழுதிய ‘கபிலம்’ என்பதை வெட்டி, “வெள்ளை, என் போத்தலில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கவேண்டும்” என்று எழுதியிருந்தாள். வெட்டிய கோடு ஆழமாக விழுந்திருந்தது. அக்கோட்டினை இடுவதற்கு அப்பிள்ளைக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை ஆசிரியை அறிவார்.

மற்றவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. வினாத்தாளை எடுத்து அந்த வினாவை மீண்டும் வாசித்தார். “தோன்றும் வீழ்படிவின் நிறத்தைக் குறிப்பிடுக” என்றிருந்தது. எல்லாவற்றையும் மாற்றிய அவர் இந்த ஒரு வரியைப் பழைய தாளிலிருந்து அப்படியே விட்டுவைத்திருந்தார். மல்லாவிக் கொட்டிலில் அவர் விடையெழுதிப் புள்ளி பெற்ற வரியும் ஏறத்தாழ இதுவே. எந்தப் போத்தலில் தோன்றும் என்று அது சொல்லவில்லை. கைந்நூலின் போத்தலா, மாணவனின் போத்தலா என்பதை அவனது ஊகத்துக்கு விட்டிருந்தது. பேனாவை எடுத்து அவ்வரியை வெட்டி, அடுத்த ஆண்டுக்கென அதன் மேலே இவ்வாறு எழுதினார்: “உமது போத்தலில் நீர் கண்ட நிறத்தை எழுதுக. அந்நிறத்திலிருந்து உமக்குத் தரப்பட்ட நீரைப் பற்றி யாது கூறுவீர்?”